கரகாட்ட வீடியோவைப் பார்த்து அனிமேட் செய்யும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

கரகாட்ட வீடியோவை வைத்து 3டி பாத்திரத்தை ஆடவைக்கும் வேலையில் எனக்கு ஒரே நாலைந்து கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடாமல் இருக்க, அறிகுறியைப் பார்த்துக் காரணத்துக்குப் போகும் வழியை இங்கே எழுதி வைக்கிறேன். செலவே இல்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிக்கும் வழி கடைசியில் வரும். நான் ப்ளெண்டரில் நொடிக்கு 24 ஃப்ரேமில் வேலை செய்கிறேன். வேறு மென்பொருள் என்றாலும் சோதனைகள் மாறாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு தாளில் கால் கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, எந்த ஃப்ரேமில் எந்தக் கால் தரையைத் தொடுகிறது, எந்த ஃப்ரேமில் எந்தக் கால் கிளம்புகிறது என்று மட்டும் குறித்தால் போதும். கை, முகம், உடை எதையும் பார்க்க வேண்டாம். இந்தத் தாள் இல்லாமல் கீழே உள்ள எந்தச் சோதனையும் நடக்காது.

சலங்கை இதற்குப் பெரிய உதவி. ஒலி அலைவடிவத்தைத் திறந்தால் பாதம் தரையில் விழும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முள் எழுந்து நிற்கும். படம் மங்கலாக இருக்கும் இடத்தில் அந்த முள்ளை நம்பலாம். ஆனால் கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பாருங்கள். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 5 மீட்டரிலிருந்து எடுத்த வீடியோவில் இந்தத் தாமதம் அரை ஃப்ரேம்கூட வராது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து 20 மீட்டரில் எடுத்திருந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை ஃப்ரேம் பிந்தும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். தவிலும் பம்பையும் உரக்க ஒலிக்கும் இடத்தில் சலங்கை முள் அடங்கிப்போகும். அங்கே கண்தான் துணை.

## அறிகுறி 1: உடம்பு மிதக்கிறது, எடையே தெரியவில்லை

வீடியோவின் ஃப்ரேம் வேகம். முதலில் இதைத்தான் பாருங்கள், ஏனென்றால் பாதிக் கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும். ஃபோனில் 30 ஃப்ரேமில் எடுத்த வீடியோவை 24 ஃப்ரேம் காட்சியில் கேமராவின் பின்னணிப் படமாக வைத்தால், ஒரு வீடியோ ஃப்ரேமுக்கு ஒரு காட்சி ஃப்ரேம் என்றே ஓடும். 4 நொடி ஆட்டம் 5 நொடியாக நீண்டுவிடும். நீங்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் துல்லியமாக ஒற்றி எடுத்திருப்பீர்கள், ஆனாலும் பாத்திரம் ஈர்ப்பு விசை குறைந்த இடத்தில் ஆடுவது போல் இருக்கும். கணக்குப்படியும் அது அப்படித்தான். நேரம் 1.25 மடங்கு நீண்டால் ஈர்ப்பு 0.64 மடங்காகக் குறைந்தது போல் தெரியும்.

அதோடு ஃபோன் வீடியோவில் ஃப்ரேம் வேகம் நிலையாக இல்லாமலும் போகலாம். இந்தக் கட்டளை இரண்டு எண்களைக் காட்டும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 aattam.mp4
```

இரண்டும் வேறுவேறாக வந்தால் வேகம் நடுவில் மாறுகிறது என்று சந்தேகிக்கலாம். ஆட்டத்தின் தொடக்கத்தில் தாளம் பொருந்தி, போகப்போக விலகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எப்படி இருந்தாலும் வேலை தொடங்கும் முன் வீடியோவை மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i aattam.mp4 -vf fps=24 -c:v libx264 -crf 18 -g 1 -c:a aac aattam_24.mp4
```

`-g 1` போட்டால் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படும். கோப்பு பெரிதாகும், ஆனால் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போது திணறாது, தவறான ஃப்ரேமையும் காட்டாது.

குதியின் உயரமும் நேரமும். ஃப்ரேம் வேகம் சரி, ஆனாலும் மிதக்கிறது என்றால் அடுத்து இதைப் பாருங்கள். இரண்டு காலும் தரையை விட்டிருக்கும் நேரத்தில் உடம்புக்கு வேறு வழியில்லை, ஈர்ப்பு சொல்வதைத்தான் கேட்கும். 24 ஃப்ரேமில் கிளம்பியதிலிருந்து உச்சிக்குப் போக 3 ஃப்ரேம் ஆனால் இடுப்பு சுமார் 8 செ.மீ. உயரும். 4 ஃப்ரேம் என்றால் சுமார் 14 செ.மீ., 5 ஃப்ரேம் என்றால் சுமார் 21 செ.மீ. உங்கள் பாத்திரம் 5 ஃப்ரேம் எடுத்துக்கொண்டு 8 செ.மீ. மட்டும் எழுந்தால் மிதக்கத்தான் செய்யும். உச்சியிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமின் இடைவெளியும் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போக வேண்டும். 14 செ.மீ. குதியில் முதல் ஃப்ரேமில் ஒரு செ.மீ.கூட இறங்காது, கடைசி ஃப்ரேமில் 6 செ.மீ. விழும். பாத்திரத்தின் உயரம் காட்சியில் உண்மையான மீட்டர் அளவில் இருந்தால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். 1.6 மீட்டர் பெண் 16 மீட்டராக மாடல் செய்யப்பட்டிருந்தால் அளவைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கரகாட்டத்தில் உயரமான குதி அரிது. அதனால் உங்கள் கால் கணக்கில் இரண்டு காலும் சேர்ந்து தரையை விட்ட ஃப்ரேமே இல்லை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டி அடுத்ததற்குப் போங்கள்.

தரையில் விழும் இடத்தில் வளைவு மழுங்கியிருக்கிறது. பாதத்தின் உயரக் கர்வை கிராஃபில் திறந்து பாருங்கள். மென்பொருள் தானாகப் போடும் கர்வ், கீழே வரும் இடத்தைக் கிண்ணம் மாதிரி வழுவழுப்பாக்கியிருக்கும். அப்படியானால் பாதம் தரைக்கு வருமுன்பே வேகம் குறைகிறது, அது மிதித்தது ஆகாது, பஞ்சை வைத்த மாதிரிதான். தொடும் ஃப்ரேமில் கீயின் கைப்பிடியை `Vector` ஆக்கி, கர்வ் கூர்மையாக வந்து தரையில் முட்டி அப்படியே கிடக்கும்படி செய்யுங்கள்.

பாதமும் இடுப்பும் ஒரே ஃப்ரேமில் இறங்குகின்றன. என் வேலையில் நான் அதிகம் திருத்தியது இதைத்தான். பாதம் தாளத்தில் விழும், அதன் பிறகு முழங்கால் மடங்கி எடையை வாங்கும், அதனால் இடுப்பு அதன் கீழ்ப்புள்ளிக்கு இரண்டு மூன்று ஃப்ரேம் கழித்தே வரும். நான் செய்த ஒரு காட்சியில் 13ஆம் ஃப்ரேமில் வலது பாதம் விழுந்தது, 15இல் இடுப்பு கீழே வந்தது. முதலில் இரண்டையும் 13இலேயே கீ போட்டிருந்தேன். இடுப்புக் கீயை இரண்டு ஃப்ரேம் தள்ளியதும் உடம்புக்குக் கனம் வந்துவிட்டது, வேறு எதையும் தொடவில்லை.

இவை நான்கும் சரியாக இருந்தும் எடை வரவில்லை என்றால், முன்பக்க வீடியோவில் முழங்கால் மடிவது தெரியாமல் போயிருக்கிறது என்று பொருள். அறிகுறி 5க்குப் போங்கள்.

## அறிகுறி 2: தரையில் இருக்கும் கால் வழுக்குகிறது

சோதனை எளிது. திரையில் பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் தடித்திருக்கும் பகுதியின் மேல் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துங்கள். கால் கணக்கின்படி கால் தரையில் இருக்க வேண்டிய ஃப்ரேம்களில் பாதம் ஒட்டுத்தாளை விட்டு நகர்ந்தால், எப்போது நகரத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த இடம்தான் காரணத்தைச் சொல்லும்.

தொட்ட ஃப்ரேமுக்கும் கிளம்பும் ஃப்ரேமுக்கும் இடையில் மெல்ல மெல்ல நகர்ந்தால், இரண்டு கீக்கும் மதிப்பு வேறாக இருக்கிறது. தொட்ட கீயையே கிளம்பும் ஃப்ரேமில் நகலெடுத்து ஒட்டி, இடையில் `Constant` அல்லது `Linear` வையுங்கள். கால் ஐகேயில் இல்லாமல் எஃப்கேயில் இருந்தால் இடுப்பு அசையும்போதெல்லாம் பாதமும் கூடவே போகும், அதைக் கர்வால் திருத்த முயன்று நேரத்தை வீணாக்காமல் ஐகேக்கு மாற்றுங்கள்.

பாதம் நிற்க வேண்டிய நேரத்தின் கடைசியில் மட்டும் சட்டென்று இழுபட்டால், இடுப்பு கால் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. உங்கள் பாத்திரத்தின் கால், வீடியோவில் இருப்பவரின் காலை விடக் குட்டை என்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். இங்கே பலர் வீடியோவில் உள்ள உருவத்தின் வெளிக்கோட்டோடு பாத்திரத்தைப் பொருத்திப் பார்த்து, இடுப்பைப் பழைய உயரத்திலேயே வைக்கப் போராடுவார்கள். அதை விட்டுவிடுங்கள். இடுப்பை இறக்குங்கள், அடி அகலத்தைக் கால் நீளத்துக்கு ஏற்றபடி குறையுங்கள். ஆடுபவரின் கால் 80 செ.மீ., அடி அகலம் 40 செ.மீ. என்றால், 60 செ.மீ. கால் உள்ள பாத்திரத்துக்கு அடி 30 செ.மீ. வீடியோவிலிருந்து எடுக்க வேண்டியது நேரமும் எடை மாறும் விதமும். வெளிக்கோடு பொருந்தாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எல்லாக் காலும் ஒரே பக்கம் வழுக்கினால் வீடியோ எடுத்தவர் கேமராவை அசைத்திருக்கிறார். வீடியோவில் அசையாத ஏதாவது ஒரு பொருளின் மேல், ஒரு கம்பமோ படிக்கட்டு விளிம்போ, புள்ளி வைத்துப் பாருங்கள். அது நகர்ந்தால் முதலில் வீடியோவை நிலைப்படுத்தி எடுத்துக்கொண்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

## அறிகுறி 3: கரகம் தலையில் ஒட்டவைத்தது போல் இருக்கிறது

கரகாட்ட அனிமேஷன் பிழைப்பதும் சாவதும் இங்கேதான். கரகம் கையால் பிடிக்கப்படாமல் தலையில் நிற்கிறது, அதற்குள் அரிசியோ மணலோ இட்டுக் கனம் ஏற்றியிருப்பார்கள். கனமான அந்தக் குடம் சாயாமல் இருப்பதற்காக உடம்பு முழுவதும் கீழே வேலை செய்கிறது. நாம் அனிமேட் செய்யும்போது இடுப்பிலிருந்து தொடங்கி மார்பு, கழுத்து, தலை, கடைசியில் குடம் என்று மேலே போகிறோம். இடுப்பில் போட்ட ஒவ்வொரு அசைவும் மேலே ஏறிக் குடத்தை ஆட்டிவிடுகிறது. பார்ப்பவருக்குக் குடம் விழவில்லை என்பதே பொய்யாகத் தெரியும்.

முதல் சோதனை: இரண்டு தடம். வீடியோவின் மேல் குறிப்பு எழுதும் கருவியால், இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு முறை குடத்தின் கழுத்தில் ஒரு புள்ளியும் இடுப்பின் நடுவில் ஒரு புள்ளியும் வையுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் புள்ளிகளை இணைத்துப் பாருங்கள். எனக்கு வந்த ஒரு காட்சியில் இடுப்பின் தடம் பக்கவாட்டில் ஏறக்குறைய 20 செ.மீ. அகலத்துக்கு அலைந்தது, குடத்தின் தடம் 5 செ.மீ.க்குள் அடங்கியது. மேலும் கீழுமாக இடுப்பு 9 செ.மீ. இறங்கியபோது குடம் 2 செ.மீ.தான் இறங்கியது. இதே இரண்டு தடங்களை உங்கள் பாத்திரத்துக்கும் போடுங்கள். குடத்தின் தடம் இடுப்பின் தடத்தை அப்படியே ஒத்திருந்தால் கோளாறு உறுதி.

தலை உடம்போடு சாய்கிறது. பல ரிக்குகளில் தலை மார்போடு சாயுமா, தனியாக நிமிர்ந்தே நிற்குமா என்று தேர்ந்தெடுக்கும் ஸ்லைடர் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் பக்கம் மாற்றுங்கள். இது ஒரு நிமிட வேலை, பாதி கோளாறு போய்விடும். ஆனால் இது சாய்வை மட்டும்தான் நிறுத்தும், தலை பக்கவாட்டில் இடம் மாறுவதை நிறுத்தாது.

வரிசையைத் தலைகீழாக்குதல். மீதிப் பாதிக்கு, குடத்தை முதலில் அனிமேட் செய்யுங்கள். குடத்தைத் தலையிலிருந்து கழற்றி, உலக அளவில் தனியாக வைத்து, வீடியோவில் எடுத்த தடத்தின்படி கீ போடுங்கள். அடுத்து பாதங்கள். அதற்கடுத்து இடுப்பு. கடைசியாக மார்பையும் கழுத்தையும் வளைத்து உச்சந்தலை குடத்தின் அடியைத் தொடும்படி செய்யுங்கள். இடுப்பு வலப்பக்கம் போகும்போது மார்பு இடப்பக்கம் வளையும், கழுத்து அதை ஈடுகட்டும். கரகாட்டத்தில் நாம் ரசிக்கும் அந்த இடுப்பு வளைவு நீங்கள் தனியாகச் சேர்க்காமலே தானாக வந்து நிற்கும். முதல் தடவை இது வந்தபோது நான் அந்த நாலு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. குடத்தை அறவே அசைக்காமல் விட்டால் மேலேயிருந்து கயிற்றில் தொங்கவிட்டது போல் ஆகிவிடும். மிதித்த பிறகு வரும் அந்த 2 செ.மீ. இறக்கம் கட்டாயம் வேண்டும். குடத்தின் மேல் இருக்கும் பூ அலங்காரம் அதற்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் கழித்து நடுங்கட்டும்.

ரிக் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கழுத்தைக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தால், இடுப்பு ஒரு முனை, உச்சந்தலை மறுமுனை என்று இரண்டையும் தனித்தனியாக நகர்த்தக்கூடிய முதுகு ஐகே உங்களுக்குத் தேவை. அது ரிக்கில் இல்லை, 10 நொடிக்கு மேல் ஆட்டம் இருக்கிறது என்றால் ரிக் செய்பவரைக் கூப்பிடுங்கள். அவருக்கு இது பெரிய வேலை இல்லை, உங்களுக்கு மிச்சமாகும் நேரம் அதிகம்.

## அறிகுறி 4: நிறுத்திப் பார்த்தால் சரி, ஓட்டினால் பொம்மை

ஒவ்வொரு கீ ஃப்ரேமும் வீடியோவோடு பொருந்துகிறது, ஆனாலும் ஓட்டினால் எல்லா உறுப்பும் ஒன்றாகப் போய் ஒன்றாக நிற்கிறது. கீகளின் பட்டியலைத் திறந்தால் எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் அடுக்கியிருக்கும். நாலு ஃப்ரேமுக்கு ஒரு முறை முழு உடம்புக்கும் கீ போட்டால் இப்படி ஆகும்.

பொதுவாகச் சொல்லப்படும் மருந்து, கைக் கீகளை இரண்டு ஃப்ரேம் தள்ளு என்பது. வீடியோ கையில் இருக்கும்போது அப்படிக் குத்துமதிப்பாகத் தள்ள வேண்டாம். ஒரே அடியை எடுத்து, ஒவ்வொரு உறுப்பும் தன் கீழ்ப்புள்ளிக்கு எந்த ஃப்ரேமில் வருகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். மேலே சொன்ன காட்சியில் பாதம் 13, இடுப்பு 15, தோள் 16, மணிக்கட்டு 19 என்று வந்தது. மணிக்கட்டு கடைசிப் புள்ளிக்கு வரும்போது இடுப்பு அடுத்த பக்கம் போகத் தொடங்கியிருந்தது. இந்த எண்களின்படி கீகளை நகர்த்துங்கள். மூன்று அடிகளுக்கு இப்படி எடுத்தால் அந்த ஆட்டக்காரரின் பழக்கம் பிடிபட்டுவிடும், மற்ற அடிகளுக்கு வேகமாகப் போகலாம்.

இடது அடியைக் கண்ணாடி நகலாக வலது அடியிலிருந்து ஒட்டியிருந்தாலும் பொம்மைத்தனம் வரும். யாருடைய வலது மிதியும் இடது மிதியும் ஒன்றாக இருக்காது. ஒரு சுற்றை எடுத்து ஓட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக வீடியோவிலிருந்து நாலு சுற்றாவது எடுங்கள்.

## அறிகுறி 5: முன்பக்கம் அழகு, பக்கத்திலிருந்து பார்த்தால் கோணல்

ஒரே ஒரு கேமராவின் வீடியோவில் ஆழம் தெரியாது. உங்கள் காட்சியின் கேமராவும் முன்பக்கமே நிற்கும் என்றால் இதைச் சரிசெய்யத் தேவையே இல்லை, விட்டுவிடலாம்.

கேமரா சுற்றும் என்றால், முதலில் வீடியோவிலிருந்தே கிடைப்பதை எடுங்கள். இடுப்பு இறங்குகிறது, முழங்கால் பக்கவாட்டில் விரியவில்லை என்றால் அது முன்னால்தான் மடிந்திருக்க வேண்டும். அதற்குச் சமன்செய்ய இடுப்பு கொஞ்சம் பின்னால் போயிருக்கும். காட்சியைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலில் நிற்கும் நிதானமான ஃப்ரேம்களில் குடத்திலிருந்து நேர்கீழே ஒரு கோடு போட்டுப் பாருங்கள், அது நிற்கும் பாதத்துக்குள் விழ வேண்டும். வேகமான அடிகளில் விழாமல் இருக்கலாம், நிதானமானவற்றில் விழாவிட்டால் தவறு.

அதுவும் போதவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டியதுதான். முன்னால் ஒரு ஃபோன், பக்கவாட்டில் ஒரு ஃபோன், இரண்டும் இடுப்பு உயரத்தில் தாங்கியில். 5, 6 மீட்டர் தள்ளி நின்று கொஞ்சம் சூம் செய்யுங்கள், கிட்ட நின்றால் கேமராவை நோக்கி நீளும் கை பெரிதாகிவிடும். பாதமும் குடத்தின் உச்சியும் இரண்டு படத்திலும் வெட்டுப்படக் கூடாது. நல்ல வெளிச்சத்தில் ஷட்டரை 1/250 நொடிக்கு மேல் வேகமாக வைத்தால் கை மங்காது. தொடங்கும்போது ஒருவர் கை தட்டினால் இரண்டு வீடியோவையும் அந்த ஒலியில் பொருத்திக்கொள்ளலாம். ஆடுபவரிடம் எதற்கு எடுக்கிறோம், எங்கே பயன்படுத்துவோம் என்று முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள், அந்த நேரத்துக்கு உரிய சம்பளமும் கொடுங்கள்.

## எப்போது மற்றவரைக் கூப்பிடுவது

ரிக் செய்பவரைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். மோஷன் கேப்சர் ஸ்டூடியோ என்பது நிமிடக்கணக்கில் ஆட்டம் வேண்டும், பல கோணத்தில் கேமரா போகும் என்ற நிலையில்தான். அங்கேயும் கரகத்துக்குத் தனியாக மார்க்கர் ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தலையின் தரவிலிருந்து குடத்தை ஊகிக்க வேண்டி வரும், அறிகுறி 3 திரும்ப வந்துவிடும்.

எல்லாச் சோதனையும் தேறியும் ஏதோ உறுத்தினால் கூப்பிட வேண்டியவர் ஆட்டக்காரர்தான். உடை, நிறம் எதுவும் இல்லாத சாம்பல் உருவமாகவே காட்டுங்கள். அப்படி ஒரு அக்காவிடம் என் ஃபோனில் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, மூன்றாம் முறை பாதியில் திரையைத் தொட்டு நிறுத்தினார். "இந்த இடத்துல கரகம் விழுந்திருக்கும் தம்பி. இடுப்பு இன்னும் வலப்பக்கமே இருக்கு, அதுக்குள்ள வலது காலைத் தூக்கிட்டா."

ஃப்ரேம் எண் 61. வலது பாதம் கிளம்பும்போது இடுப்பின் நடு இடது பாதத்துக்கு மேல் ஏற்கெனவே வந்திருக்க வேண்டும், என் காட்சியில் அது 64இல்தான் வந்தது. இடுப்பின் பக்கவாட்டுக் கீயை 59க்கு இழுத்தேன். அப்புறம் கால் கணக்குத் தாளில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: ஒவ்வொரு கால் கிளம்பும் ஃப்ரேமுக்கும் எதிரே, இடுப்பு மறு காலுக்கு மேல் வந்து சேர்ந்த ஃப்ரேம்.